புட்டியில் 0.1 என்று எழுதியிருக்கிறது, உள்ளே எவ்வளவு?

சோடியம் ஹைட்ராக்சைடு வெள்ளை வில்லைகளாகக் கிடைக்கிறது. அதைத் தராசில் வைத்தால் எண் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி வில்லைகள் நம் கண்ணெதிரே கசிந்து பளபளக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அதில் கொஞ்சத்தைச் சோடியம் கார்பனேட்டாக மாற்றிவிடும். அதனால் 4 கிராம் வில்லையைக் கரைத்து 1 லிட்டர் ஆக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 0.1 மோலார் கரைசல்தான். சரியான அளவைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்குத் துணை, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். காற்றில் ஈரம் ஏற்காத, மிகத் தூய்மையாகக் கிடைக்கும் வெண்படிகம். 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி ஆறவைத்து நிறுத்தால் தராசு காட்டும் எடையை நம்பலாம். அதன் ஒரு மோல் 204.22 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடோடு அது ஒன்றுக்கு ஒன்றாக வினைபுரியும்.

ஒரு மாணவி 0.5106 கிராம் தாலேட்டைக் கூம்புக்குடுவையில் போட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் கரைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை மில்லிலிட்டர் நீர்?" என்று எல்லா வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். 50 ஆனாலும் 75 ஆனாலும் கவலையில்லை. குடுவையில் இருக்கும் தாலேட்டின் அளவு நீரால் மாறாது. ஆனால் பியூரெட்டின் உட்சுவரில் தங்கிய நீர் வேறு கதை. அது காரத்தையே நீர்க்கச் செய்யும். அதனால்தான் பியூரெட்டை அந்தக் காரக்கரைசலாலேயே அலசச் சொல்கிறோம்.

இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்த்து, குடுவையைச் சுழற்றியபடி காரத்தை விடுகிறார். முடிவு நெருங்கும்போது இளஞ்சிவப்பு தோன்றித் தோன்றி மறையும். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். மிக மங்கலான நிறம் 30 விநாடி நின்றால் முடிவு. அதற்குப் பிறகு மெல்ல வெளுத்தால் அது காற்றின் கார்பன் டை ஆக்சைடால் வருவது. இன்னொரு சொட்டு விடக்கூடாது. நிறம் ரோஜாச் சிவப்பானால் அளவு மிஞ்சிவிட்டது, புதிதாகத் தொடங்க வேண்டும்.

செலவான காரம் 25.60 மில்லிலிட்டர்.

0.5106 ÷ 204.22 = 0.002500 மோல்
0.002500 ÷ 0.02560 = 0.0977 மோலார்

புட்டியில் எழுதியதைவிட இது 2 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அடுத்த இரண்டு முறை 0.0977, 0.0976 என்று வந்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் 0.0952 என்று வந்தால் முதலில் பியூரெட்டின் நுனியைப் பாருங்கள். தொடக்கத்தில் அங்கே தங்கியிருந்த காற்றுக்குமிழி நடுவில் வெளியேறினால், குடுவைக்குப் போகாத காரமும் அளவில் சேர்ந்து விடை குறைந்துவிடும். தாலேட் உலராமல் இருந்தாலோ விடை கூடிவிடும். மூன்று முறையும் ஒரே ஈரத் தாலேட்டை எடுத்தால் மூன்றும் ஒத்துப்போகும், மூன்றும் தவறாகவே இருக்கும்.

புட்டியில் 0.1 என்பதை அடித்துவிட்டு 0.0977 என்றும் அன்றைய தேதியையும் எழுதுங்கள். பிளாஸ்டிக் புட்டியில் இறுக மூடி வைத்தாலும், சில வாரம் கழித்து எடுத்தால் மறுபடி தாலேட்டோடு பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.