கறுத்துப் போவது எந்தச் சில்லு?

முப்பரிமாணப் படம் முடிந்ததும், கொடுத்த மூக்குக்கண்ணாடியை அணிந்தபடியே ஒரு நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ரியல்-டி வகைக் கண்ணாடியாக இருந்தால், மூடிய கண் தெளிவாகத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணின் மேலுள்ள சில்லு மட்டும் கறுத்திருக்கும். பழைய வகைக் கண்ணாடியில் இது தலைகீழ்: திறந்த கண் தெரியும், மூடிய கண் மறையும். ஏன் இப்படி என்பதை ஒரு வரைபடத் தாளிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒளி நம்மை நோக்கி வரும்போது அதன் மின்புலம் பயணத் திசைக்குக் குறுக்கே அலைகிறது. அந்த அலைவை இரண்டாகப் பிரிக்கலாம்: ஒன்று கிடைமட்டம், மற்றொன்று செங்குத்து. இரண்டுக்கும் அதிர்வெண் ஒன்றே. ஒரு முழு அலைவை 360 பாகையாகக் கொண்டால், செங்குத்து அலைவு கிடைமட்ட அலைவுக்கு எத்தனை பாகை பின்தங்கி வருகிறது என்பதே கட்ட வேறுபாடு. இரண்டின் வீச்சும் 1 என்று வைத்துக்கொள்வோம்.

பின்தங்கலே இல்லை என்றால் கிடைமட்டம் 1 ஆகும்போது செங்குத்தும் 1. அது 0 ஆகும்போது இதுவும் 0. புள்ளிகள் எல்லாம் 45 பாகை சாய்ந்த ஒரே கோட்டில் விழும். இது நேர்க்கோட்டுத் தளவிளைவு. 180 பாகை பின்தங்கினாலும் கோடுதான், எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

இனி 90 பாகை. தொடக்கத்தில் கிடைமட்டம் 1, செங்குத்து 0. எட்டில் ஒரு பங்கு அலைவு கழிந்ததும் இரண்டும் 0.71. கால் அலைவில் 0, 1. அடுத்து −0.71, 0.71, அதன் பின் −1, 0. மையத்திலிருந்து எல்லாப் புள்ளிக்கும் தூரம் 1. மின்புலம் நீளம் மாறாமல் வட்டமாகச் சுழல்கிறது. பின்தங்குவது செங்குத்து அலைவு இல்லாமல் கிடைமட்ட அலைவாக இருந்தால், அதே வட்டம் எதிர்த்திசையில் சுழலும். (எது வலம், எது இடம் என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. ஒளியை எதிர்கொண்டு பார்ப்பவர்களும் அதன் பின்னால் நின்று பார்ப்பவர்களும் எதிரெதிர்ப் பெயர் வைக்கிறார்கள்.)

45 பாகை பின்தங்கினால் புள்ளிகள் (1, 0.71), (0.71, 1), (0, 0.71), (−0.71, 0) என்று போகும். கோடும் இல்லை, வட்டமும் இல்லை, சாய்ந்த நீள்வட்டம். அதன் நீளம் அகலத்தைப் போல் சுமார் 2.4 மடங்கு. உண்மையில் பொது நிலை நீள்வட்டமே. கோடும் வட்டமும் அதன் இரண்டு எல்லைகள். 90 பாகை இருந்தும் வீச்சுகள் சமமில்லாவிட்டால் நீள்வட்டமே கிடைக்கும். இந்த மூன்று பெயர்களையும் 1822இல் தந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல்.

அந்த 90 பாகையைத் திரைப்படக் கண்ணாடி ஒரு மெல்லிய ஏட்டால் உண்டாக்குகிறது. கால் அலைத் தகடு எனப்படும் அந்த ஏட்டில் ஒரு திசை அலைவு இன்னொன்றைவிட மெதுவாகச் செல்லும். 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கு அதில் கால் பங்கு, அதாவது சுமார் 137 நானோமீட்டர், பின்தங்கினால் 90 பாகை. ஏட்டுக்குப் பின்னே, கண்ணை ஒட்டி, 45 பாகை சாய்வில் ஒரு போலராய்டு. உள்ளே வரும் வட்டத்தை ஏடு கோடாக்கும். போலராய்டு அந்தக் கோட்டை விடும் அல்லது தடுக்கும். வட்டத்துக்குச் சாய்வு கிடையாது. அதனால் தலையைச் சாய்த்தாலும் ஒரு கண்ணின் படம் மறுகண்ணுக்குள் கசியாது. நேர்க்கோட்டு வகையின் பெரிய தொல்லை அதுதான்.

இப்போது நிலைக்கண்ணாடிக்கு வருவோம். உங்கள் கண்ணிலிருந்து வரும் ஒளி போலராய்டில் கோடாகி, ஏட்டில் வட்டமாகி வெளியேறுகிறது. நிலைக்கண்ணாடியில் பட்டபின் சுழலும் திசை மாறுவதில்லை. பயணத் திசைதான் திரும்புகிறது. ஆகவே எதிர்கொண்டு பார்த்தால் வலம் இடமாகிவிடும். திரும்பி வந்து அதே ஏட்டைக் கடக்கையில் இன்னொரு 90 சேர்ந்து மொத்தம் 180 பாகை. மேலே கண்டபடி, கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். போலராய்டு அதைத் தடுக்கும். மறுகண்ணின் சில்லு எதிர்ச் சுழற்சிக்கானது என்பதால் அங்கிருந்து வரும் ஒளி தடையின்றி நுழைகிறது.

கறுத்த சில்லை உற்றுப் பாருங்கள், முழுக் கறுப்பாக இருக்காது. 137 நானோமீட்டர் என்பது பச்சைக்குத்தான் கால் அலை. அதே பின்தங்கல் 450 நானோமீட்டர் நீலத்துக்கு 110 பாகை, 650 நானோமீட்டர் சிவப்புக்கு 76 பாகை. அவை இரண்டும் வட்டமாகாமல் நீள்வட்டமாக வெளியேறுகின்றன. இருமுறை ஏட்டைக் கடந்தபின் கணக்கிட்டால் நீலத்தில் சுமார் 12 சதவீதமும் சிவப்பில் சுமார் 6 சதவீதமும் கசியும். பச்சையில் ஏறக்குறைய எதுவும் கசியாது. பொருளைப் பொறுத்து இந்த அளவுகள் சற்று மாறும், ஆனால் அந்தக் கறுப்பில் தெரியும் ஊதாச் சாயலுக்குக் காரணம் இதுதான்.