"உடனுக்குடன் தெரியணும்" என்று சொன்னால் என்ன கேட்பீர்கள்?

பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கான இன்டர்வியூவில் அடிக்கடி வரும் சோதனை இது. கேள்வி கேட்பவரே வாடிக்கையாளர் வேஷம் கட்டிக்கொண்டு, "ஸ்டாக் நிலவரம் எங்களுக்கு உடனுக்குடன் தெரியணும், அவ்வளவுதான்" என்பார். மேற்கொண்டு வாய் திறக்க மாட்டார்.

பலர் உடனே ஒர்க்‌ஷாப் நடத்துவேன், முன்னுரிமைப் பட்டியல் போடுவேன் என்று படித்ததை ஒப்பிப்பார்கள். "வேறென்ன வேணும் சார்?" என்று கேட்பது அதைவிட மோசம், ஆசைப் பட்டியல்தான் நீளும். நடந்த சம்பவத்தைக் கேளுங்கள்: "ஸ்டாக் தெரியாம கடைசியா எப்போ சிக்கல் வந்துச்சு சார்? அன்னைக்கு என்ன நடந்தது?"

இப்போது கதை வரும். கிடங்கில் 65 பெட்டி இருந்தது. காலையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி 40 பெட்டிக்கு ஆர்டர் எடுத்தார். மதியம் இன்னொருவர் போனில் பார்த்தபோதும் 65 என்றே காட்டியது; ஆர்டர்களை மாலையில்தான் கழிப்பார்களாம். அவர் 30 பெட்டி தருவதாகக் கடைக்காரரிடம் ஒப்புக்கொண்டார். போய்ச் சேர்ந்தது 25.

ஆக, மேலாளருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் ரிப்போர்ட் தேவையே இல்லை. ஆர்டர் எடுப்பவருக்கு ஒதுக்கியது போக மிச்சம் தெரிந்தால் போதும். "நான் புரிந்துகொண்டது சரியா சார்?" என்று இதைச் சொல்லிக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே எழுத உட்கார வேண்டும்.

யூசர் ஸ்டோரிக்கு யார், என்ன, எதற்கு என்ற மூன்றும் வேண்டும். லண்டனில் கனெக்ஸ்ட்ரா நிறுவனக் குழுவினர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த வடிவம் அது. நம் கதைக்கு இப்படி எழுதலாம்: "விற்பனைப் பிரதிநிதியான எனக்கு, ஆர்டர் போடும்போதே ஒதுக்காத இருப்பு தெரிய வேண்டும், இல்லாத சரக்குக்கு வாக்குக் கொடுக்காமல் இருப்பதற்காக."

இதோடு நிறுத்தினால் டெவலப்பர் ஒன்று நினைப்பார், டெஸ்டர் வேறொன்று நினைப்பார். அதனால் ஏற்பு நிபந்தனையும் எழுத வேண்டும்: 65 பெட்டியில் 40 ஒதுக்கியிருக்கும்போது, பிரதிநிதி 30 என்று பதிந்தால், "25 மட்டுமே உள்ளது" என்று காட்டி, ஆர்டரை ஏற்கக் கூடாது. முந்தைய ஆர்டர் ரத்தானால் அந்த 40 உடனே இருப்பில் சேர வேண்டும். "வேகமாக", "எளிதாக" போன்ற சொற்கள் நிபந்தனையில் வந்தால், இன்னும் ஒரு கேள்வி பாக்கி என்று அர்த்தம்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. கடைசி 25 பெட்டியை இருவர் ஒரே நேரத்தில் பதிந்தால் யாருக்கு? முதலில் பதிந்தவருக்கா, பழைய வாடிக்கையாளருக்கா? இது வியாபார முடிவு. அனலிஸ்ட் தானாக ஒன்றை எழுதிவிடக் கூடாது. இன்டர்வியூவிலும் சரி, "இதை நீங்கள்தான் சொல்லணும் சார்" என்று கேட்டுவிடுங்கள்.