97 சதவீதம் எங்கிருந்து வந்தது?

“சார், பி மதிப்பு 0.03 வந்திருக்கு. அப்படின்னா இந்த மருந்து வேலை செய்யறதுக்கு 97 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு எழுதலாமா?” என்று மாணவர் கேட்கிறார். “தாராளமா எழுதுப்பா” என்கிறார் ஆசிரியர். கேள்வியும் தவறு, பதிலும் தவறு.

இப்படித் தலையாட்டும் ஆசிரியர்கள் அரிதானவர்கள் அல்லர். ஜெர்மனியின் 6 பல்கலைக்கழகங்களில் ஹாலர், கிராஸ் என்ற இருவர் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. பி மதிப்பைப் பற்றி 6 கூற்றுகளைக் கொடுத்து எது சரி, எது தவறு என்று கேட்டார்கள். ஆறுமே தவறானவை. உளவியல் மாணவர்களில் ஒருவர்கூட முழுமையாகத் தப்பவில்லை. புள்ளியியல் கற்பித்தவர்களிலேயே 80 சதவீதம் பேர் ஒரு தவறான கூற்றையாவது சரி என்று குறித்திருந்தார்கள்.

குழப்பம் எங்கே இருக்கிறது? ஒரு நாணயத்தை 5 முறை சுண்டுகிறோம். ஐந்திலும் தலை. நாணயம் ஒழுங்கானது என்றால் இப்படி விழ 32இல் ஒரு வாய்ப்பு, அதாவது ஏறக்குறைய 0.03. இதுதான் பி மதிப்பு. கணக்கு தொடங்கும்போதே நாணயம் ஒழுங்கானது என்று வைத்துக்கொண்டுவிட்டோம். அதே கணக்கு, நாணயம் ஒழுங்கானதா என்பதற்கு எப்படித் தீர்ப்புச் சொல்லும்? அது கடையில் மீதிச் சில்லறையாக வந்த நாணயம் என்றால், தற்செயல் என்று விட்டுவிடுவோம். மேஜிக்காரர் கொடுத்தது என்றால் உடனே சந்தேகப்படுவோம். இரண்டுக்கும் பி மதிப்பு ஒன்றே. வித்தியாசம், முன்கூட்டியே நமக்குத் தெரிந்திருந்ததில் இருக்கிறது.

ஆராய்ச்சியிலும் இதே கதைதான். 1,000 மருந்துகளைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் பலன் தருபவை 100 மட்டுமே. சோதனை அவற்றில் 80ஐக் கண்டுபிடிக்கிறது. பலனில்லாத 900இல் 5 சதவீதம், அதாவது 45 மருந்துகள், தற்செயலாகவே 0.05 என்ற வரம்புக்குள் வந்துவிடும். ஆக, ‘வெற்றி’ பெற்றவை 125. அவற்றில் 45 போலி வெற்றி, அதாவது 36 சதவீதம். தொடக்கத்திலேயே 1,000இல் 500 பலன் தருபவையாக இருந்தால், வெற்றி பெறும் 425இல் போலி 25 மட்டுமே, ஏறக்குறைய 6 சதவீதம். வரம்பு மாறவில்லை. சோதனையும் மாறவில்லை. ஆனால் நம்பிக்கை வைக்கும் அளவு தலைகீழாக மாறிவிட்டது.

கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பைப் பி மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும் 2016இல் அறிக்கையாகவே வெளியிட்டது.

அந்த மாணவர் எழுத வேண்டியது இதுதான்: ‘மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தெரிய 3 சதவீத வாய்ப்பு உண்டு.’ மருந்து உண்மையிலேயே வேலை செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று தெரிய வேண்டுமானால், சோதனைக்கு முன்பே அதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.