மஜ்ஜையில் நோயில்லை, செம்பு இல்லை

மணப்பட்டில் அறுபது வயது அம்மா ஒருவர் வெளுத்துப்போய், நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாகூரில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7. இரும்பு மாத்திரை, பி12 ஊசி என்று மூன்று மாதம் ஓடியும் அளவு ஏறவில்லை. கிருமிகளோடு முதலில் மோதும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது, 800-தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கிறார்கள். வளரும் அணுக்கள் உருக்குலைந்து தெரிகின்றன. முற்றினால் ரத்தப் புற்றுநோயாக மாறக்கூடிய ‘எம்.டி.எஸ்.’ என்ற மஜ்ஜை நோயோ என்ற பேச்சு எழுகிறது. வீடே உடைந்துபோகிறது.

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி: “ஜிங்க் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?”

செம்பு இல்லாமல் இரும்பு மட்டும் ரத்தமாகாது. உடம்பின் கிடங்கிலிருக்கும் இரும்பு ரத்தத்தில் ஏறி மஜ்ஜைக்குப் போக, செம்பைத் தாங்கிய நொதிகள் அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். செம்பு குறைந்தால் இரும்பு கிடங்கிலேயே தங்கிவிடும். மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்த இரும்பையும் இளம் சிவப்பணு பயன்படுத்த முடியாமல், கருவைச் சுற்றி வளையமாகப் படியவிடும். எம்.டி.எஸ்.ஸிலும் இதே வளையம் வரும் என்பதால்தான் குழப்பம்.

ஜிங்க் என்கிற துத்தநாகம் இங்கே என்ன செய்கிறது? அது அதிகமாகும்போது, குடலின் உள்சுவர் அணுக்கள் அதைப் பிடித்துவைக்க ஒரு புரதத்தை நிறையத் தயாரிக்கின்றன. அந்தப் புரதமோ துத்தநாகத்தைவிடச் செம்பைத்தான் இறுகப் பற்றும். சில நாளில் அந்த அணுக்கள் உதிரும்போது, பிடிபட்ட செம்பும் மலத்தோடு போய்விடும். செம்புச் சொம்பில் தண்ணீர் குடித்தால் சரியாகாதா என்று கேட்கத் தோன்றும். வாசலிலேயே மறித்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கூடுதலாக அனுப்பி என்ன பயன்?

2008-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மருத்துவர்கள் நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். ரத்தத்தில் செம்பு குறைந்து, நரம்பு பாதிக்கப்பட்டவர்கள். நால்வரும் பல்செட் கழன்றுவிடாமலிருக்க ஒட்டும் பசையை வாரம் இரண்டு டியூபுக்குக் குறையாமல் பூசிவந்தவர்கள். ஒரு டியூப் 68 கிராம். ஒரு கிராம் பசையில் குறைந்தது 17 மில்லிகிராம் துத்தநாகம். கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 330 மில்லிகிராம்! உடம்புக்குத் தேவையோ பத்து மில்லிகிராம் அளவுதான். பசையை நிறுத்திச் செம்பு கொடுத்தபோதும், நரம்புக் கோளாறு இருவருக்கு ஓரளவே குறைந்தது.

நம் ஊரில் பல்செட் பசையைவிட மாத்திரையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கொரோனா காலத்தில் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை வீட்டுக்கு வீடு புழங்கியது. சில நாள் சாப்பிட்டதால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விடாமல் விழுங்குவதுதான் ஆபத்து. வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்கு 14 நாள் கொடுக்கும் ஜிங்க் வேறு விஷயம். அது உயிர் காப்பது, அதை எந்தத் தாயும் நிறுத்த வேண்டாம். மாத்திரையே எடுக்காதவருக்கும் செம்பு குறையலாம். அல்சருக்காக முன்பு வயிற்றில் ஆபரேஷன் செய்து, உணவின் பாதை சிறுகுடலுக்குத் திருப்பிவிடப்பட்டவர்கள் அப்படிப்பட்டவர்கள். செம்பு உறிஞ்சப்படும் இடத்தையே தாண்டி உணவு போய்விடுகிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய தழும்பையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மஜ்ஜையிலும் தடயம் உண்டு. சிவப்பணு, வெள்ளணு இரண்டின் இளம் அணுக்களிலும் குமிழி குமிழியாக வெற்றிடம் தெரிந்தால், தட்டணுக்கள் பெரும்பாலும் குறையாமலிருந்தால், செம்பை நினைக்க வேண்டும். கால் மரத்து, இருட்டில் தள்ளாடினால் சந்தேகம் வலுக்கும். பி12 குறைவிலும் இதே தள்ளாட்டம் வருவதால், ஊசி போட்டுக்கொண்டே நாளைக் கடத்திவிடுகிறோம்.

உறுதிசெய்ய ரத்தத்தில் செம்பு, அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின், கூடவே துத்தநாகம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். காய்ச்சல், கர்ப்பம், அழற்சி இருந்தால் செருலோபிளாஸ்மின் தானாகவே உயரும். குறைபாடு லேசாக இருந்தால் அது மறைந்துபோகும்.

சிகிச்சையின் முதல் படி துத்தநாகத்தை நிறுத்துவது. பிறகு டாக்டர் மேற்பார்வையில் செம்பு. பலர் நாளுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் குறைத்து 2-இல் தொடர்கிறார்கள். தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, அளவு மீறினால் ஈரல் கெடும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சியதால் செம்பு இறங்கிய பால், குழந்தைகளின் ஈரல் சுருக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று புனேயில் நடந்த ஆய்வு 1983-லேயே சுட்டிக்காட்டியது.

செம்பு போய்ச் சேர்ந்தால் நியூட்ரோஃபிலும் ஹீமோகுளோபினும் ஒன்றிரண்டு மாதத்தில் ஏறத் தொடங்கிவிடும், மஜ்ஜையும் தெளியும். ஆனால் மரத்துப்போன கால் அப்படியல்ல. மேலும் கெடாமல் நிற்கும். முழுதாகத் திரும்புவது அரிது.