ஆசிரியர் வேலைக்கு அந்த ஒரு பக்கம்

பதிமூன்று வருடம் மென்பொருள் வேலை பார்த்த பிறகு, போன வருடம் நியூ ஜெர்சியில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளிக்கு கணினி ஆசிரியராக விண்ணப்பித்தேன். இங்கே அரசுப் பள்ளியில் பாடம் நடத்த மாநிலத்தின் ஆசிரியர் சான்றிதழ் வேண்டும். தனியார் பள்ளிகள் பலவற்றில் அது கட்டாயமில்லை. பாடத்தில் பட்டமும் அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டதால் விசா சிக்கல் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் என்றால் அந்தப் பள்ளியே அவருக்காகப் புதிதாக மனு போட வேண்டும்.

ரெஸ்யூமே, கவர் லெட்டர் எல்லாம் நமக்குப் பழகியதுதான். மூன்றாவதாக ஒன்று கேட்டிருந்தார்கள்: 'டீச்சிங் பிலாசபி ஸ்டேட்மெண்ட்'. அதாவது, பாடம் நடத்துவது பற்றி உங்கள் எண்ணம் என்ன, அதை வகுப்பில் எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டும்.

ஒரே இரவில் எழுதி அனுப்பினேன். 'ஒவ்வொரு மாணவனும் தனித்துவமானவன்', 'கல்வி என்பது வாழ்நாள் பயணம்', 'தொழில்துறை அனுபவத்தை வகுப்பறைக்குக் கொண்டு வருவேன்'. இந்த ரீதியில் ஒரு பக்கம். பதிலே வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு அக்கா இருக்கிறார். வேறொரு தனியார் பள்ளியில் பல வருடமாக வேதியியல் நடத்துகிறார், ஆசிரியர் தேர்வுக் குழுவிலும் இருந்திருக்கிறார். அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பேனாவை எடுத்து வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது இரண்டு வரி.

"தம்பி, நான் அடிச்ச வரியெல்லாம் வேற யார் வேணும்னாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இதுல நீ எங்க இருக்க? உன் வகுப்புல பையன் என்ன பண்ணிட்டிருப்பான்? அதை எழுது."

"நான் இன்னும் ஆசிரியரே ஆகலையேக்கா?"

"சனிக்கிழமை லைப்ரரில பசங்களுக்கு என்ன பண்ற?"

உண்மைதான். இரண்டு வருடமாக எங்கள் ஊர் நூலகத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை ரெஸ்யூமேயின் கடைசி வரியில் போட்டதோடு சரி. அங்கே நடந்த ஒரு விஷயத்தை வைத்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் மாதம் பலகையில் இந்த நாலு வரியை எழுதினேன்.

```
a = 5
b = a
a = 7
print(b)
```

ஓட்டுவதற்கு முன்னால், திரையில் என்ன வரும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னேன். எட்டுப் பேரில் ஆறு பேர் 7 என்று எழுதினார்கள். ஓட்டினால் 5 வந்தது. பிள்ளைகள் முழித்தார்கள்.

அந்த ஆறு பேரும் மக்குகள் இல்லை. பள்ளியில் கணக்கு வகுப்பில் b = a என்றால் இரண்டும் எப்போதும் சமம்; ஒன்று மாறினால் மற்றதும் மாறியாக வேண்டும். அவர்கள் அதைச் சரியாகவே கற்றிருந்தார்கள். ஆனால் பைத்தானில் அந்தக் குறி ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் கட்டளை. 'இந்த நிமிடம் a-வில் இருக்கும் மதிப்பை எடுத்து b-க்குக் கொடு' என்பதுதான் அர்த்தம். அதற்குப் பிறகு a வேறு எண்ணுக்குப் போனாலும் b நகராது. கணக்கில் கற்ற சரியான பாடம்தான் இங்கே தப்பான விடையைத் தந்தது.

அடுத்து, தாளில் a, b என்று இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் எதில் என்ன இருக்கிறது என்று கையால் நிரப்பச் செய்தேன். அடுத்த வாரம் அதே மாதிரிக் கணக்கைக் கொடுத்தபோது எட்டுப் பேரும் சரியாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கடுத்த வாரம் print-க்கு முன்னால் b = a என்று இன்னொரு வரி சேர்த்தேன். இப்போது விடை 7. மூன்று பேர் 5 என்றார்கள். ஏன் என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "பழைய நம்பர்தானே அங்கிள் வரும்?" என்றாள்.

அவர்கள் பாடத்தைப் புரிந்துகொள்ளவில்லை. 'பழைய எண்தான் விடை' என்று ஒரு குறுக்குவழியை மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒரே மாதிரிக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு அது கடைசிவரை தெரிந்திருக்காது. குறுக்குவழி தோற்றுப்போகிற கேள்வியாகப் பார்த்துக் கேட்டபோதுதான் வெளியே வந்தது.

அறிக்கையின் நடுப்பகுதி முழுக்க இதுதான். இதிலிருந்து என் நம்பிக்கை என்று இரண்டை மட்டும் சொன்னேன். தப்பான விடைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடுவது ஆசிரியர் வேலை. அதனால் என் வகுப்பில் மாணவர்கள் ஓட்டுவதற்கு முன்னால் ஊகித்து எழுதுவார்கள். சரியான விடை வந்துவிட்டதாலேயே புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதனால் சொல்லிக் கொடுத்த அடுத்த வாரம் வேறு வடிவத்தில் திரும்பக் கேட்பேன்.

முதலில் ஊகிப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. சூ சென்டன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தந்த 'பிரிம்' என்ற முறையின் முதல் படியே அதுதான். ஊகி, ஓட்டு, ஆராய், மாற்று, உருவாக்கு என்று ஐந்து படி. இதை அக்கா கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன். அறிக்கையிலும் ஒரு வரியில் சொன்னேன்.

கடைசிப் பத்தியை எழுதத்தான் தயக்கமாக இருந்தது. எட்டுப் பேரைத்தான் பார்த்திருக்கிறேன்; அவர்களும் விருப்பப்பட்டு வந்தவர்கள். விருப்பமில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு வகுப்பை முழு வருடம் நடத்தியதில்லை. முதல் வருடம் மூத்த ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று எழுதினேன். "இது வேணுமா?" என்று என் மனைவியே கேட்டாள். அக்கா மட்டும் அதை அடிக்கவில்லை. "ரெஸ்யூமே பார்த்தாலே அவங்களுக்கு அது தெரியும் தம்பி. உனக்குத் தெரியுமான்னுதான் பார்ப்பாங்க" என்றார்.

அக்கா இன்னொன்றும் சொன்னார்: பள்ளி எப்படிப் பாடம் நடத்துகிறது என்று பார்க்காமல் அனுப்பாதே. பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமியில் 1930-களிலிருந்து 'ஹார்க்னஸ்' முறை நடக்கிறது. பன்னிரண்டு பேர் அளவில் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாணவர்களே விவாதிப்பார்கள். அந்த மாதிரிப் பள்ளிக்கு 'நான் தெளிவாக விளக்குவேன்' என்று எழுதினால், நாம் அவர்களைப் பற்றி எதுவுமே படிக்கவில்லை என்றுதான் ஆகும்.

இரண்டாவது பள்ளிக்கு இதை அனுப்பினேன். மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். முடிந்ததும் துறைத் தலைவர் என் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆறு பேர் தப்பாக எழுதினார்கள், சரி. முதல் நாளே சரியாக எழுதிய அந்த இரண்டு பேரை அந்த மூன்று வாரமும் என்ன செய்தீர்கள்?"

உண்மையில் ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

வேலை கிடைத்தது. சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மனைவியும் நானும் மூன்று மாதம் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சரி என்றோம். செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்போடு தொடங்கினேன். வருடா வருடம் அந்த ஒரு பக்கத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். இந்த வருடம் அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும். இன்னும் எழுதவில்லை, முதலில் வகுப்பில் அதைச் செய்து பார்க்க வேண்டும்.