ரெய்டில் திணறும் ஹார்ட் டிஸ்க்

2020 ஏப்ரலில், நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர் முறையில் இயங்குவது தெரியவந்தது. வாங்கியவர்களுக்கு அது முன்பே சொல்லப்படவில்லை. ரெய்டில் பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக இதைப் பொருத்தியபோது, மறுகட்டமைப்பு நாள்கணக்கில் இழுத்தது. சிலருக்குப் பாதியிலேயே நின்றது.

காரணம், டிஸ்க் தகட்டில் தரவு பதியும் விதம். எழுதும் முனை அகலமானது. படிக்கும் முனைக்கோ குறுகிய தடமே போதும். எனவே எஸ்.எம்.ஆரில் ஓடு வேய்வதுபோல, ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடும்படி எழுதுகிறார்கள். அதே தகட்டில் கூடுதல் தரவு அடங்குகிறது.

சிக்கல் திருத்தும்போது வருகிறது. நடுவில் ஒரு தடத்தை மாற்றினால் பக்கத்துத் தடமும் அழியும். அதனால் தடங்கள் பெரும்பாலும் 256 மெகாபைட் கொண்ட மண்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. சில கிலோபைட்டை மாற்றுவதற்குக்கூட மண்டலத்தைப் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

இந்தத் தாமதம் உடனே வெளியே தெரிவதில்லை. வரும் தரவை டிஸ்க் முதலில், தடங்கள் ஒன்றையொன்று மூடாத ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் அதை மண்டலங்களுக்கு மாற்றுகிறது. வீட்டில் அவ்வப்போது படங்களைச் சேமிப்பவருக்கு இது போதும்.

ரெய்டு மறுகட்டமைப்பில் அந்த ஓய்வே கிடையாது. டெராபைட் கணக்கில் தரவு விடாமல் வந்து விழ, தனிப் பகுதி நிரம்பிவிடும். அதன்பின் டிஸ்க் ஒவ்வொரு கட்டளைக்கும் மண்டலங்களைத் திருத்தி எழுதியபடியே பதில் சொல்ல வேண்டும். வேகம் சரிகிறது. பதில் மிகவும் தாமதமானால், டிஸ்க் செத்துவிட்டதாக எண்ணி ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். தரவு வரிசையாக வந்தால் பாதிப்பு குறைவு; இசட்.எஃப்.எஸ்ஸில் அது சிதறி வருவதால் அதிகம்.

சர்வ் தி ஹோம் தளம் 4 டெராபைட் டிஸ்க்குகளை இசட்.எஃப்.எஸ்ஸில் சோதித்தது. பழைய முறையான சி.எம்.ஆர் டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் மறுகட்டமைப்பை முடித்தன. எஸ்.எம்.ஆர் கொண்ட WD40EFAX ஒன்பது நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த நாட்களில் இன்னொரு டிஸ்க்கும் போனால், ஒற்றைப் பாதுகாப்பு கொண்ட ரெய்டில் தரவு பறிபோகும். உண்மையான ஆபத்து இதுதான்.

பின்னர் அந்த நிறுவனம் ரெட் வரிசையின் சி.எம்.ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தது. ஒருமுறை எழுதி வைத்துவிடும் காப்பு நகலுக்கு எஸ்.எம்.ஆர் மலிவான, நல்ல தேர்வு. ரெய்டுக்கு வாங்குவோர் பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பாமல், மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரப்பட்டியலில் தேடி, சி.எம்.ஆர் என்று இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும்.