முதல் வருடத்தில் மாதவிடாய் ஏன் நாள் தவறுகிறது?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளே, பெரியபிள்ளையான முதல் வருடத்தில் மாதவிடாய் 21 நாளில் வரலாம், 45 நாளிலும் வரலாம், இரண்டும் இயல்பே. சூலகத்திலிருந்து முட்டை வெளியான பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஏறக்குறைய 14 நாளில் குறையும்போதுதான் கருப்பையின் உட்படலம் உரிந்து இரத்தமாக வெளியேறுகிறது. நாளைக் குறிப்பது அந்தக் குறைவே. முட்டையை வெளியேற்றும்படி மூளை அனுப்பும் கட்டளை தொடக்கத்தில் பல மாதங்களில் எழுவதில்லை. அப்போது ஈஸ்ட்ரஜன் மட்டும் படலத்தைத் தடிக்கவைக்க, அது நினைத்த நேரத்தில், சிலசமயம் அதிகமாகவே உரிகிறது. இது சீராக மூன்று வருடங்கள்வரை ஆகலாம்.

“நாள் தள்ளினால் கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிடுமே” என்று வீட்டில் பயப்படுவார்கள். கெட்ட இரத்தம் என ஒன்று கிடையாது; உரியாத படலம் உள்ளே அழுகுவதும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் வயதின்மேல் போட்டுவிடவும் கூடாது. ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், மணிக்கொரு தடவை துணி நனைந்தால், மூன்று மாதம் வராமலே இருந்தால், மலை ஏறும்போது மூச்சிரைத்துத் தலை சுற்றினால், காத்திருக்காதீர்கள். வந்த தேதிகளைக் கொப்பியில் குறித்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.